படத்துக்கு ஓர் அளவு, டேட்டாபேஸுக்கு ஓர் அளவு

திருமணப் படம் எடுக்கும் ஒரு ஸ்டுடியோவை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரே ஒரு சர்வர். படங்களைச் சேமிக்க அதில் ஆறு ஹார்டு டிஸ்க்குகள். இரண்டு டிஸ்க் பழுதானாலும் தாங்கும் ரெய்டு-இசட்2 முறையில் அவை கட்டப்பட்டுள்ளன. எந்தப் படம் எந்தக் கல்யாணத்துடையது, யாருக்கு ஆல்பம் கொடுத்தாயிற்று என்ற விவரங்கள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கின்றன. அது இரண்டு எஸ்எஸ்டிகள் கொண்ட மிரரில் ஓடுகிறது. பில் போடும் மென்பொருளுக்காக ஒரு விண்டோஸ் விர்ச்சுவல் மெஷினும் உண்டு. இடம் நிறைய இருக்கிறதே என்று அதை ஹார்டு டிஸ்க்குகளில் வைத்திருக்கிறார்கள்.

படங்கள் நன்றாகத் திறக்கின்றன. ஆனால் டேட்டாபேஸில் ஒரு சிறு திருத்தம் செய்தாலும் எஸ்எஸ்டி அளவுக்கு மீறி எழுதுகிறது. விண்டோஸ் மந்தமாக ஓடுவதோடு, தனக்குக் கொடுத்த இடத்தைவிட அதிகமாகப் பிடித்துக்கொள்கிறது. டிஸ்க் எதிலும் கோளாறு இல்லை. இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் இரண்டு அமைப்புகளைத் தொடாமல் விட்டதுதான் காரணம்: `recordsize`, `compression`.

ஒரு ரெக்கார்டு என்றால் என்ன?

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கி 2005இல் திறந்த மூலமாக வெளியிட்ட இசட்எஃப்எஸ், இன்று ஓப்பன்இசட்எஃப்எஸ் என்ற பெயரில் லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் ஓடுகிறது. அது பெரிய கோப்பு ஒவ்வொன்றையும் ரெக்கார்டு என்னும் துண்டுகளாகப் பிரித்து வைக்கிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஒரு துண்டு 128 கேபி.

இந்தத் துண்டுதான் எல்லாவற்றுக்கும் அலகு. பிழை கண்டுபிடிக்கும் செக்சம் துண்டுக்கு ஒன்று. ஆகவே அதில் 8 கேபி மட்டும் வேண்டுமென்றாலும் முழுத் துண்டையும் படித்துச் சரிபார்த்தாக வேண்டும். இசட்எஃப்எஸ் இருந்த இடத்தில் அழித்து எழுதுவதும் இல்லை. கணக்கு நோட்டில் ஒரு வரியைத் திருத்த அந்தப் பக்கம் முழுவதையும் புதுத் தாளில் எழுதிச் சேர்ப்பவரைப் போல, ஒரு பகுதி மாறினாலும் முழுத் துண்டையும் வேறு இடத்தில் புதிதாக எழுதுகிறது. சுருக்குவதும் துண்டு துண்டாகத்தான் நடக்கிறது. துண்டின் அளவைத் தீர்மானிக்கும்போதே எவ்வளவு சுருக்க முடியும் என்பதையும் பாதி தீர்மானித்துவிடுகிறோம். இரண்டையும் தனித்தனியாக யோசிக்கும்போதுதான் தவறு நேர்கிறது.

படங்கள்: பெரிய துண்டு, சுருக்கமும் வேண்டும்

கேமராவிலிருந்து வரும் ரா கோப்பு ஒன்று 30 எம்பி என்று வைத்துக்கொள்வோம். அதை ஒருமுறை எழுதுகிறோம். பிறகு முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்கிறோம். நடுவில் ஒரு துணுக்கை மட்டும் மாற்றும் வேலை அநேகமாக இல்லை. 128 கேபி துண்டுகளாக வெட்டினால் இதற்கு 240 துண்டுகள். 1 எம்பி துண்டுகளாக வெட்டினால் 30 போதும். கண்காணிக்க வேண்டிய துண்டுகள் குறைவதால் ஹார்டு டிஸ்க்கின் முனை அலைவது குறைகிறது. சேமித்த தரவு முழுவதையும் சரிபார்க்கும் ஸ்க்ரப்பும் எளிதாகிறது.

பெரிய துண்டு என்றதும் சின்னக் கோப்புகள் இடத்தை வீணாக்குமே என்ற பயம் பலருக்கு வரும். `recordsize` என்பது மேல்வரம்பு மட்டுமே. 40 கேபி கோப்புக்கு ஏறத்தாழ 40 கேபி துண்டுதான் உருவாகும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கோப்பு 1.1 எம்பி என்றால் அதற்கு இரண்டு முழுத் துண்டுகள் தேவை. இரண்டாவதில் 0.1 எம்பிதான் படம், மீதி 0.9 எம்பி வெறும் பூஜ்யங்கள்.

ஜேபெக் படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டது, மேலும் சுருங்காது என்று எண்ணிச் சுருக்கத்தை அணைப்பவர்கள் இங்கேதான் இடத்தை இழக்கிறார்கள். படம் சுருங்காவிட்டாலும் வால்பகுதியின் பூஜ்யங்கள் ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடும். ஆகவே படங்களுக்கும் `lz4` இருக்கட்டும். சுருங்காத தரவைக் கண்டால் அது அதிக நேரம் போராடாது. மூலத் துண்டே அப்படியே எழுதப்படும். ஜேபெக்கை `zstd`யால் அழுத்திப் பார்ப்பதில் பயன் இல்லை.

ஒரு எச்சரிக்கை. படங்களைப் பட்டியலிடும் மென்பொருள்கள் சில, தங்கள் விவரங்களைப் படக் கோப்புறையிலேயே ஒரு எஸ்கியூலைட் கோப்பாக வைக்கும். அதன் பக்க அளவு பொதுவாக 4 கேபி. 1 எம்பி டேட்டாசெட்டுக்குள் அது வளர்ந்துவிட்டால், 4 கேபி மாற்றத்துக்கு 1 எம்பி முழுவதும் புதிதாக எழுதப்படும். அந்தக் கோப்பைத் தனி டேட்டாசெட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

டேட்டாபேஸ்: சிறிய துண்டு, ஆனால் மிகச் சிறியதல்ல

போஸ்ட்கிரெஸ் தன் தரவை 8 கேபி பக்கங்களாகக் கையாள்கிறது. 128 கேபி துண்டில் அத்தகைய பக்கங்கள் பதினாறு. அவற்றில் ஒன்று மாறினால் போதும். அந்தத் துண்டு நினைவகத்தில் இல்லையென்றால் முழுவதையும் டிஸ்க்கிலிருந்து படித்து, மாற்றி, மறுபடி சுருக்கி, முழுவதையும் எழுத வேண்டும். சுருக்கத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால் இது பதினாறு மடங்கு வேலை. ஸ்டுடியோவின் எஸ்எஸ்டி ஓயாமல் எழுதியதும் இதனால்தான்.

அப்படியானால் `recordsize`ஐ 8 கேபி என்றே வைத்துவிடலாமே? இங்கேதான் சுருக்கம் குறுக்கிடுகிறது. இன்றைய டிஸ்க்குகளில் இடம் வழக்கமாக 4 கேபி செக்டர்களாகவே ஒதுக்கப்படுகிறது. தரவு 1.7 மடங்கு சுருங்கக்கூடியது என்று கொள்வோம். 8 கேபி துண்டு ஏறக்குறைய 4.7 கேபி ஆகிறது. ஒரு செக்டரில் அடங்காததால் இரண்டு செக்டர் தேவை. திரும்பவும் 8 கேபிதான். ஒரு பைசா மிச்சமில்லை. அதே தரவு 16 கேபி துண்டில் 9.4 கேபி ஆகி மூன்று செக்டரில் அடங்கும். கால் பங்கு மிச்சம். 

ஆகவே போஸ்ட்கிரெஸுக்கு 16 கேபி ஒரு நல்ல நடுநிலை. இன்னோடிபி பயன்படுத்தும் மைஎஸ்கியூஎல்லின் பக்கமே இயல்பாக 16 கேபி என்பதால் அங்கே யோசிக்க எதுவும் இல்லை. இவ்வளவு சிறிய துண்டில் `lz4` போதும்; `zstd` இன்னும் கொஞ்சம் அழுத்தினாலும் அடுத்த 4 கேபி படியைத் தாண்டாவிட்டால் அந்த உழைப்பு வீண். `zstd`க்குச் சரியான இடம், டேட்டாபேஸிலிருந்து எடுக்கும் சுருக்கப்படாத எழுத்து வடிவ பேக்கப். அதற்கு 1 எம்பி துண்டு கொடுத்தால் சுருக்கத்தின் பலன் முழுமையாகக் கிடைக்கும்.

விர்ச்சுவல் மெஷின்: திரும்ப மாற்ற முடியாத முடிவு

விர்ச்சுவல் மெஷினின் டிஸ்க்கைக் கோப்பாக வைத்தால் `recordsize` பொருந்தும். கியூகவ்2 கோப்பின் உள் அலகு இயல்பாக 64 கேபி என்பதால் அந்த டேட்டாசெட்டுக்கும் 64 கேபி கொடுப்பது வழக்கம். ஸ்டுடியோவில் இருப்பது இசட்வால். அதன் துண்டளவுக்குப் பெயர் `volblocksize`. உருவாக்கும்போது மட்டுமே கொடுக்க முடியும், பிறகு மாற்ற முடியாது. முன்பு இதன் இயல்பு அளவு 8 கேபி; ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.2 முதல் 16 கேபி.

ஆறு டிஸ்க் ரெய்டு-இசட்2இல் 8 கேபி துண்டு எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்ப்போம். தரவுக்கு இரண்டு செக்டர், பாதுகாப்புக்கு இரண்டு. மொத்தம் நான்கு. ஆனால் ரெய்டு-இசட்2 எப்போதும் மூன்றின் மடங்காகவே இடம் ஒதுக்கும். ஆகவே ஆறு செக்டர், அதாவது 24 கேபி. 16 கேபி துண்டுக்குத் தரவு நான்கு, பாதுகாப்பு இரண்டு. அதே ஆறு செக்டர். அதே இடத்தில் இருமடங்கு தரவு. விண்டோஸ் அதிக இடம் பிடித்த மர்மம் இதுதான். சுருக்கமும் இங்கே பெரிதாக உதவாது: 16 கேபி துண்டு 12 ஆகவோ 8 ஆகவோ சுருங்கினாலும் அதே ஆறு செக்டர்தான். 4 கேபிக்குள் அடங்கினால் மட்டுமே மூன்றாகக் குறையும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. பழைய இசட்வாலின் பெயர் கொடுத்துக் கேளுங்கள்:

```
zfs get volblocksize,logicalreferenced,referenced tank/win
```

சுருக்குவதற்கு முந்தைய அளவான `logicalreferenced`ஐவிட `referenced` கணிசமாகப் பெரிதாக இருந்தால், இடம் இப்படித்தான் கரைகிறது. ஸ்டுடியோவுக்குச் சரியான தீர்வு, விண்டோஸை மிரருக்கு மாற்றுவது. அங்கே 16 கேபி துண்டு 12 கேபியாகச் சுருங்கினால் 12 கேபி இடம்தான் போகும்.

மாற்றும் முறை

```
zfs create -o recordsize=1M -o compression=lz4 tank/photos
zfs create -o recordsize=16K -o compression=lz4 fast/pgdata
zfs create -s -V 100G -o volblocksize=16K -o compression=lz4 fast/win
```

பழைய டேட்டாசெட்டில் `recordsize`ஐ மாற்றினால் மட்டும் போதாது. ஏற்கெனவே பல துண்டுகளாக எழுதப்பட்ட கோப்பு, புதிதாக எழுதப்படும் பகுதிகளுக்கும் பழைய துண்டளவையே பிடித்துக்கொண்டிருக்கும். அதைப் புதுக் கோப்பாக நகலெடுக்க வேண்டும். `zfs send` பழைய துண்டுகளை அப்படியே கொண்டுசெல்லும். ஒரே பூலுக்குள் `cp` செய்தாலும், புதிய பதிப்புகளில் அது நகலெடுக்காமல் பழைய துண்டுகளையே பகிர்ந்துகொள்ளக்கூடும். போஸ்ட்கிரெஸை முழுமையாக நிறுத்திவிட்டு `rsync -a` கொண்டு புதிய டேட்டாசெட்டுக்கு நகலெடுப்பதே நம்பகமான வழி. விண்டோஸின் டிஸ்க்கையும், மெஷினை நிறுத்திவிட்டுப் புதிய இசட்வாலுக்கு `dd` மூலம் நகலெடுக்கலாம். எல்லாம் சரியாக ஓடுவதைப் பார்த்த பிறகே பழையதை அழியுங்கள்.

பலன் தெரிய வேண்டுமானால், வழக்கமான வேலை நேரத்தில் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் `zpool iostat fast 10` ஓட்டி, எழுதும் வேகத்தை ஒப்பிடுங்கள். அதே வேலைக்கு எழுதப்படும் அளவு குறைந்திருக்க வேண்டும். டேட்டாபேஸ் மொத்தமும் நினைவகத்திலேயே அடங்கி, திருத்தங்களும் குறைவாக இருந்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. அப்போது உள்ளதை அப்படியே விட்டுவிடலாம்.

மூன்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. முதலில் டேட்டாபேஸ், எஸ்எஸ்டியின் ஆயுள் அங்கேதான் கரைகிறது. அடுத்து விண்டோஸ், காத்திருந்தால் அந்த இசட்வால் வளர்ந்து, நகலெடுக்கும் நேரமும் கூடும். படங்களுக்கு இனி வருபவை 1 எம்பியில் எழுதப்பட்டால் போதும். பழைய கல்யாணப் படங்கள் 128 கேபி துண்டுகளாகவே இருந்தாலும் பாதகம் இல்லை. அவற்றுக்காக டெராபைட் கணக்கில் நகலெடுக்கத் தேவையில்லை.