கை தூக்கும்போது தோள் வலியா? திருப்பிப் பார்த்தால் தெரியும்

கையைப் பக்கவாட்டில் தூக்கினால் தோள்பட்டையில் சுரீரென்கிறது. இரவில் அந்தப் பக்கம் படுக்க முடிவதில்லை. நாற்பது வயதைத் தாண்டியவருக்கு இப்படி என்றால் மருத்துவர் முதலில் இரண்டு காரணங்களை யோசிப்பார். ஒன்று ரொட்டேட்டர் கஃப் பாதிப்பு, மற்றது ஃப்ரோசன் ஷோல்டர் எனப்படும் தோள் இறுக்கம். வலி ஒன்றுபோல இருந்தாலும் பழுதான இடம் வேறு.

ரொட்டேட்டர் கஃப் என்பது தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் நான்கு தசைகளும் அவற்றின் தசைநாண்களும். அவற்றில் மேலே இருக்கும் தசைநாண், தோளின் உச்சி எலும்புக்குக் கீழே ஒரு குறுகிய இடைவெளியில் ஓடுகிறது. அது நைந்தாலோ வீங்கினாலோ, கை 60 டிகிரியிலிருந்து 120 டிகிரி வரை உயரும்போது வலி கூடுகிறது. அதைத் தாண்டினால் பெரும்பாலும் குறைந்துவிடும். ஃப்ரோசன் ஷோல்டரில் மூட்டைப் போர்த்தியிருக்கும் உறையே தடித்துச் சுருங்கிவிடுகிறது.

சர்க்கரை நோயுள்ள 52 வயதுப் பெண் ஒருவரை வைத்துப் பார்ப்போம். கொடியில் துணி போடவும் தலை பின்னவும் இடது கை வருவதில்லை. பக்கவாட்டில் தூக்கச் சொன்னால் தோளைக் காதுவரை உயர்த்தி ஓரளவு தூக்கிவிடுகிறார். முதுகின் தோள்பட்டை எலும்பு நகர்ந்து ஈடுகட்டுவதால், உண்மையான இறுக்கம் இதில் மறைந்துவிடும். எனவே மருத்துவர் அவருடைய முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையைத் தானே வெளிப்பக்கம் திருப்புகிறார். வலது கை 60 டிகிரி திரும்புகிறது. இடது கை 15 டிகிரியிலேயே நின்றுவிடுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு சரியாக இருக்கிறது. ஆகவே இது ஃப்ரோசன் ஷோல்டர். தசைநாண் மட்டும் பழுதாகியிருந்தால், அவரால் தூக்க முடியாத கையைக்கூடப் பிறர் தூக்கினால் பெரும்பாலும் மேலே போகும். மூட்டுத் தேய்மானத்திலும் இதே இறுக்கம் வரலாம் என்பதால்தான் எக்ஸ்ரே தேவைப்படுகிறது.

சிகிச்சையும் இங்கேதான் பிரிகிறது. தசைநாண் பாதிப்புக்குத் தலைக்கு மேல் செய்யும் வேலையைக் குறைத்து, தசைகளைப் படிப்படியாக வலுப்படுத்த வேண்டும். பலருக்கு அதுவே போதும். தோள் இறுக்கத்தில், வலி மிகுந்த முதல் மாதங்களில் கையை முரட்டுத்தனமாக இழுத்தால் வேதனைதான் கூடும். தாங்கும் அளவுக்கு மெல்ல அசைப்பதும், தேவைப்பட்டால் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசியும் உதவும். அந்த ஊசிக்குப் பின் சில நாட்கள் ரத்தச் சர்க்கரை ஏறலாம். அடிக்கடி பரிசோதிக்க வேண்டும். இறுக்கம் தளர ஒன்று முதல் மூன்று ஆண்டுகள்கூட ஆகலாம்.

கீழே விழுந்த பிறகு திடீரெனக் கை எழவில்லை என்றால் தசைநாண் கிழிந்திருக்கலாம். தாமதித்தால் அது சுருங்கி, தைப்பது கடினமாகும். அப்போது வீட்டில் எண்ணெய் தேய்த்துக் காத்திருக்காமல் உடனே எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.