புதுச் சட்டையை முதல்ல துவைங்க பாஸ்!

ஞாயிறு சாயங்காலம் பெசன்ட் நகர் பீச்சுல முதல் டேட்டிங். சனிக்கிழமை தி.நகர்ல வாங்குற புதுச் சட்டையை அப்படியே மாட்டிக்கிட்டுக் கிளம்புறதா ப்ளானா? வேணாம் பாஸ்! புதுக் காட்டன் கஞ்சி மொடமொடப்போட இருக்கும், காலர் கழுத்தை உறுத்தும். ஒரு தடவை துவைச்சு, காலேஜுக்கும் ஒரு நாள் போட்டுட்டு வந்தாத்தான் அது உங்க சட்டை.

அடுத்து கலர். நம்ம ஊர் பஸ்ல அரை மணி நேரம் நின்னாலே அக்குள் நனைஞ்சிடும். வெளிர் சாம்பல், ஸ்கை ப்ளூ ரெண்டும் அந்த ஈரத்தைப் பளிச்னு காட்டிக்கொடுத்துடும். வெள்ளையும் நேவி ப்ளூவும் அவ்வளவா காட்டாது. சந்தேகமா? சட்டை ஓரத்துல ரெண்டு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க! வெறும் பாடி ஸ்ப்ரே வாசனைதான் தரும், வியர்வையைக் குறைக்காது. அதுக்கு ஆன்ட்டி பெர்ஸ்பிரன்ட் வேணும். அதையும் முந்தின நாள் ராத்திரியே, நல்லா காய்ஞ்ச தோல்ல தடவணும்.

த்ரெடிங், ஹேர்கட் எல்லாம் ரெண்டு மூணு நாள் முன்னாடியே முடிஞ்சிடட்டும். சிவப்பு அடங்கி, முடியும் படிஞ்சிடும். சோடாபுட்டி கண்ணாடிக்காரங்க அதைக் கழட்ட வேணாம். அந்த முகத்தைப் பார்த்துத்தானே வரேன்னு சொல்லியிருக்காங்க? ஜீன்ஸை மட்டும் தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்துட்டுப் போங்க. பீச்சுல நாற்காலி கிடையாது!