இரைச்சலுக்குள் ஒளிந்திருக்கும் சைகை

உசிலம்பட்டி பேருந்து நிலையத்தில் ஒரு காலை நேரம். ஒலிப்பான்களின் அலறல், வியாபாரிகளின் கூவல், இயந்திரங்களின் உறுமல். இத்தனைக்கும் நடுவில் "மதுரை, மதுரை" என்று நடத்துனர் அழைப்பது, மதுரைக்குப் போகக் காத்திருப்பவர் காதில் சரியாக விழுந்துவிடுகிறது. எதிர்பார்க்கும் ஒலி எப்படியிருக்கும் என்பது அவருக்கு முன்பே தெரியும். இதே வழியை மின் ஏற்பிகளும் கையாளுகின்றன. அதற்குப் பயன்படுவது 'பொருத்த வடிகட்டி'. ரேடார் ஏற்பிகளுக்காக 1943-இல் இதன் கணிதத்தை வகுத்தவர் அமெரிக்கரான டி. ஓ. நார்த்.

ஒரு சிறு கணக்கு

ஓர் ஏற்பிக்கு ஒரு துடிப்பு வருகிறது என்று கொள்வோம். அடுத்தடுத்த மூன்று கணங்களில் அதன் அளவு 1, 2, 3. ஒவ்வொரு கணத்திலும் இரைச்சலும் அதனுடன் கலக்கிறது. இரைச்சலின் சராசரி சுழி. அதன் வர்க்கத்தின் சராசரி 1. ஒரு கணத்து இரைச்சலுக்கும் அடுத்த கணத்து இரைச்சலுக்கும் தொடர்பில்லை. துடிப்பு வந்ததா, வரவில்லையா? ஏற்பி முடிவு சொல்ல வேண்டும்.

மிகப் பெரிய அளவான 3-ஐ மட்டும் பார்த்தால், சைகையின் வர்க்கம் 9, இரைச்சல் 1. ஆகவே சைகை-இரைச்சல் விகிதம் 9. மூன்றையும் அப்படியே கூட்டினால் சைகை 6, அதன் வர்க்கம் 36. தொடர்பற்ற இரைச்சல்களின் வர்க்கச் சராசரிகள் கூடுவதால் இரைச்சல் 3. விகிதம் 12.

இப்போது ஒவ்வோர் அளவையும், அங்கே எதிர்பார்க்கும் சைகையாலேயே பெருக்கிக் கூட்டுவோம். சைகை 1×1 + 2×2 + 3×3 = 14. இரைச்சல் 1 + 4 + 9 = 14. விகிதம் 14×14/14 = 14. பெரிய அளவுக்கு இன்னும் அதிக மதிப்புத் தந்து 1, 4, 9 ஆல் பெருக்கினால் என்ன? சைகை 36, இரைச்சல் 98. விகிதம் ஏறத்தாழ 13.2. குறைந்துவிட்டது!

ஏன் இதுவே உச்சம்?

சைகையை (1, 2, 3) என்ற திசையன் s ஆகவும், பெருக்கும் எண்களை w என்ற திசையனாகவும் கருதுங்கள். வெளிவரும் சைகை இவ்விரண்டின் புள்ளிப் பெருக்கம், அதாவது |w||s| cos θ. வெளிவரும் இரைச்சல் |w|². முன்னதை வர்க்கமாக்கிப் பின்னதால் வகுத்தால் |w| நீங்கி, |s|² cos² θ எஞ்சும். இது உச்சமடைவது கோணம் சுழியாகும்போது. அதாவது w, s இரண்டும் ஒரே திசையில் இருக்க வேண்டும். உச்ச மதிப்பு |s|² = 14. இது துடிப்பின் ஆற்றல் அன்றி வேறில்லை. துடிப்பின் வடிவம் எதுவானாலும், ஆற்றல் சமமாயின் கிடைக்கும் உச்ச விகிதமும் சமமே.

கணம் தவறினால்

வடிகட்டி எப்போதும் கடைசியாக வந்த மூன்று அளவுகளை நினைவில் வைத்திருக்கிறது. புதியதை 3 ஆலும், அதற்கு முந்தையதை 2 ஆலும், பழையதை 1 ஆலும் பெருக்கிக் கூட்டுகிறது. துடிப்பு உள்ளே நுழைந்து கடந்து செல்லும்போது வெளியீடு 3, 8, 14, 8, 3 என்று ஏறி இறங்கும். ஆனால் இரைச்சல் எப்போதும் 14 தான். மூன்றாம் கணத்தில் முடிவெடுத்தால் விகிதம் 14. ஒரு கணம் தாமதித்தால் 64/14, அதாவது ஏறத்தாழ 4.6. ஒற்றை அளவை மட்டும் பார்த்துக் கிடைத்த 9 கூட இல்லை! வடிகட்டி சரியாக இருந்தும் பிழைகள் மிகுந்தால், கடிகாரம் சற்றே விலகியிருக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான்.

வடிவம் தெரியாவிட்டால்?

இரு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி இணையும்போது எழும் ஈர்ப்பலையின் வடிவம் அவற்றின் நிறையைப் பொறுத்தது. நிறையோ முன்கூட்டித் தெரியாது. அப்படியானால் எந்த வடிகட்டியைப் பொருத்துவது? புனேயிலிருந்து சஞ்சீவ் துரந்தர், பி. எஸ். சத்யபிரகாஷ் ஆகியோர் 1991-இல் இக்கேள்வியை ஆராய்ந்தனர். பல நிறைகளுக்கும் தனித்தனி மாதிரி வடிவங்களை அடுக்கிவைத்து, ஒவ்வொன்றையும் பொருத்திப் பார்ப்பதே வழி. எந்த உண்மை அலைக்கும் மிக அருகில் ஏதோ ஒரு மாதிரி இருக்கும்படி அடுக்கினால், cos θ ஒன்றை ஒட்டியே நிற்கும், இழப்பு சிறிதாகும். இங்கே இரைச்சல் எல்லா அதிர்வெண்களிலும் சமமாக இல்லை. ஆகவே இரைச்சல் மிகுந்த அதிர்வெண்களுக்கு முதலில் மதிப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகள் இரண்டிலும் ஓர் அலை பதிவாயிற்று. குறிப்பிட்ட வடிவத்தை எதிர்பாராத வேறொரு முறை அதை முதலில் சுட்டிக்காட்டியது. பின்பு ஏறத்தாழ 2,50,000 மாதிரிகளைப் பொருத்திப் பார்த்தனர். அலை வந்து சேரும் கணமும் தெரியாததால், வெளியீட்டை ஒவ்வொரு கணத்துக்கும் கணக்கிட்டு உச்சத்தைத் தேடினர். இரு கருவிகளையும் சேர்த்து, உச்சத்தில் சைகை இரைச்சலைப் போல் சுமார் 24 மடங்கு நின்றது. வர்க்கமாக்காமல் பார்த்தால் நம் சிறு துடிப்புக்கு இந்த மடங்கு √14, அதாவது 3.7 தான். இரு கருவிகளின் உச்சங்களுக்கும் இடையே 7 மில்லி விநாடி இடைவெளி இருந்தது. அலை முதலில் எந்தக் கருவியைத் தொட்டது என்பதையும் அந்த இடைவெளியே சொன்னது.