‘அப்புறம் போகலாம்’ என்றால் குடல் என்ன செய்யும்?

எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும் மாதங்களில் படிவம் ஐந்து மாணவர்கள் சிலர் தனியாக வந்து ஒரு விஷயம் சொல்வார்கள். “சார், காலையில் சரியாக இருந்த பெல்ட் சாயங்காலம் இறுக்குது. வயிறு கல்லு மாதிரி கனக்குது. ஆனா, நான் அதிகமா ஒன்னும் சாப்பிடல.” இதைச் சொல்லும்போது அவர்களுக்குக் கூச்சம். இதில் கூச்சப்பட எதுவும் இல்லை. நாள் முழுதும் மேசையின் முன் உட்கார்ந்திருக்கும்போது உங்கள் பெருங்குடலில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், இதற்கான வழியும் தெரிந்துவிடும்.

முதலில் ஒரு கேள்வி. உட்கார்ந்தால் குடல் வேலையை நிறுத்திவிடுமா? நிறுத்தாது. குடலின் சுவரிலேயே அதற்கென்று தனி நரம்பு வலை இருக்கிறது. நீங்கள் தூங்கினாலும் கணக்குப் போட்டாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும். அப்படியானால் தாமதம் எங்கே ஏற்படுகிறது?

குழாய் ஐஸும் பெரிய அலையும்

நெகிழிக் குழாயில் விற்கும் ஐஸை எப்படிச் சாப்பிடுவீர்கள்? கீழே விரலால் அழுத்துவீர்கள். ஐஸ் மேலே வரும். குடலும் இப்படித்தான் உணவைத் தள்ளுகிறது. உணவுக்குப் பின்னால் உள்ள தசை சுருங்குகிறது, முன்னால் உள்ள தசை தளர்கிறது. இந்த அலை அசைவுக்குப் பெரிஸ்டால்சிஸ் என்று பெயர். அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள்.

ஆனால், பெருங்குடலில் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே பெரும்பாலான நேரம் நடப்பது சின்னச் சின்ன அசைவுகள். அவை கழிவை முன்னும் பின்னுமாகப் பிசைந்துகொண்டிருக்கும். அதிக தூரம் தள்ளாது. நீண்ட தூரம் தள்ளும் பெரிய அலை ஒரு நாளில் ஒரு சில முறை மட்டுமே வரும். அது பெரும்பாலும் இரண்டு வேளைகளில் வரும்: காலையில் தூங்கி எழுந்த பிறகும், சாப்பிட்ட பிறகும். இரைப்பைக்குள் உணவு இறங்கியதும் பெருங்குடலுக்குச் செய்தி போகிறது. ‘புதுச் சரக்கு வருகிறது, இடம் விடு’ என்பது போன்ற ஓர் அனிச்சைச் செயல் அது. காலை உணவுக்குப் பின் பலருக்கும் கழிப்பறை நினைவு வருவது இதனால்தான்.

அந்த அலை கழிவை மலக்குடல் வரை கொண்டுவந்து விடும். மலக்குடலின் சுவர் விரியும்போது ‘போக வேண்டும்’ என்ற உணர்வு மூளைக்கு எட்டுகிறது. அங்கே இரண்டு வளையத் தசைகள் வாசல் காக்கின்றன. உள்வளையம் தானாகத் தளர்ந்துவிடும். வெளிவளையம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கிறது. ‘அப்புறம் போகலாம்’ என்று நீங்கள் முடிவு செய்தால் அது இறுகிக்கொள்ளும். சில நிமிடங்களில் மலக்குடல் தளர்ந்து கொடுக்கும், உணர்வும் மறைந்துவிடும். உணர்வுதான் மறைகிறது, கழிவு அங்கேயேதான் இருக்கிறது.

கொடியில் காயும் துணி

காத்திருக்கும் கழிவுக்கு என்ன ஆகிறது? பெருங்குடலின் முக்கிய வேலை நீரை உறிஞ்சுவது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் நீர் பெருங்குடலுக்குள் வருகிறது. மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லிலிட்டர் மட்டுமே. மீதி நீரை உடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

கழிவு உள்ளே இருக்கும் வரை இந்த உறிஞ்சல் நிற்காது. வெயிலில் கொடியில் போட்ட துணியை நேரத்தோடு எடுத்தால் மிருதுவாக இருக்கும். மறந்து விட்டுவிட்டால் விறைத்துப் போகும். கழிவும் அப்படித்தான். ஒரு நாள் தாமதித்தால் கெட்டிப்படும். இரண்டு மூன்று நாள் தாமதித்தால் ஆட்டுப் புழுக்கை போல உருண்டையாகிவிடும்.

இனி உப்புசத்துக்கு வருவோம். பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் மிச்ச உணவை நொதிக்க வைத்து வாயுவை உண்டாக்குகின்றன. அது எல்லாருக்கும் நடப்பதே. ஒரு நாளில் ஏறக்குறைய அரை முதல் ஒன்றரை லிட்டர் வரை வாயு வெளியேறுகிறது. வழியில் கழிவு தேங்கினால் வாயுவும் எளிதாக நகராது. குடல் சுவர் விரிகிறது; சுவரில் உள்ள உணர்வு நரம்புகள் அதைக் கனமாகவும் இறுக்கமாகவும் மூளைக்குத் தெரிவிக்கின்றன. நீங்கள் அதிகம் சாப்பிடாமலேயே வயிறு நிரம்பியதுபோல் இருப்பது இதனால்தான்.

உடல் அசைவுக்கும் இதில் பங்கு உண்டு. ஸ்பெயினின் பார்சலோனாவில் ஆய்வாளர்கள் ஆரோக்கியமானவர்களின் சிறுகுடலுக்குள் மெல்லிய குழாய் வழியே வாயுவைச் செலுத்தி, அது எவ்வளவு விரைவாக வெளியேறுகிறது என்று அளந்தார்கள். படுத்திருந்தபோதைவிட நிமிர்ந்த நிலையில் வாயு விரைவாக நகர்ந்தது. உப்புசம் உள்ளவர்கள் மிதிவண்டி போல மிதித்தபோது, சும்மா இருந்ததைவிட உள்ளே தேங்கிய வாயு குறைந்தது. வயிற்றை மடக்கி, குனிந்து, மணிக்கணக்காக அசையாமல் உட்காரும்போது இந்த உதவி குடலுக்குக் கிடைப்பதில்லை.

ஒரு மாணவனின் நான்கு நாள்கள்

இப்போது இவை எப்படி ஒன்றுசேர்கின்றன என்று ஒரு மாணவனின் அட்டவணையில் பார்ப்போம்.

திங்கட்கிழமை. காலை 5.30-க்கு எழுகிறான். ஒரு குவளை மைலோ, இரண்டு பிஸ்கட். ஆறு மணிக்கு வயிறு அழைக்கிறது. 6.15-க்குப் பள்ளிப் பேருந்து. ‘அப்புறம்’ என்று அடக்கிக்கொள்கிறான். முதல் பெரிய அலை வீண்.

காலை பத்து மணி ஓய்வில் சிற்றுண்டிச்சாலையில் நாசி லெமாக். மறுபடியும் அழைப்பு வருகிறது. பள்ளிக் கழிப்பறையில் தாழ்ப்பாள் சரியில்லை; நண்பர்கள் கிண்டல் செய்வார்களோ என்ற பயம் வேறு. மணி அடித்துவிடுகிறது. இரண்டாவது அலையும் வீண். கழிப்பறைக்குப் போகாமல் இருக்கவே தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறான். போத்தல் பாதி நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்புகிறது.

பிற்பகல் டியூஷன், இரவு எட்டு முதல் பதினொன்றரை வரை மேசை. தூங்குமுன் கழிப்பறைக்குப் போய்ப் பார்க்கிறான். ஒன்றும் வரவில்லை. வராது, ஏனென்றால் அந்த நேரத்தில் தள்ளுவதற்கு அலை இல்லை.

செவ்வாயும் இதே கதை. புதன்கிழமை மாலை பெல்ட் இறுக்குகிறது. வியாழக்கிழமை ஒருவழியாக மலம் கழிகிறது, கெட்டியாக, வலியோடு. அந்த வலியை நினைத்து அடுத்த முறை இன்னும் அடக்குகிறான். சுழற்சி தொடங்கிவிட்டது.

இந்த மாணவன் உட்கார்ந்தது மட்டும் காரணம் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? உடற்பயிற்சி மட்டும் மலச்சிக்கலைத் தீர்க்குமா என்று பார்த்த ஆய்வுகள் ஒரே மாதிரியான முடிவைத் தரவில்லை. உட்கார்ந்திருப்பது ஒரு பங்கு. உட்கார்ந்த இடத்தை விட்டு எழ மனமில்லாமல் அழைப்பை அடக்குவது அதைவிடப் பெரிய பங்கு.

அடக்குவது பெருங்குடலையே மெதுவாக்கும் என்பதற்குச் சான்று உண்டு. 1990-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஆரோக்கியமான 12 இளம் ஆண்கள் வேண்டுமென்றே மலத்தை அடக்கிப் பார்த்தார்கள். வாசலில் மட்டும் தாமதம் ஏற்படவில்லை. பெருங்குடலின் தொடக்கப் பகுதியிலும் கழிவு மெதுவாக நகர்ந்தது. அதாவது, நல்ல குடலுக்குக்கூட மலச்சிக்கலைப் பழக்கிவிட முடியும்.

உங்கள் குடலின் வேகத்தை அளந்து பாருங்கள்

இது எளிய சோதனை. சோளமணியின் தோல் நமக்குச் செரிக்காது. ஆகவே மலத்தில் அது கண்ணுக்குத் தெரியும். மூன்று நான்கு நாள் சோளம் சாப்பிடாமல் இருங்கள். பிறகு ஒரு வேளை ஒரு சிறு கிண்ணம் அவித்த சோளம் சாப்பிட்டு, நாளையும் மணியையும் குறித்துக்கொள்ளுங்கள். மலத்தில் முதலில் தெரியும் நேரத்தையும் குறியுங்கள்.

ஒரு நாள் அல்லது இரண்டு நாளுக்குள் தெரிந்தால் கவலை இல்லை. மூன்று நாளைத் தாண்டினால் குடல் மெதுவாக இருக்கிறது. மலத்தின் வடிவமும் ஓர் அறிகுறி. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் உருவாக்கிய ஏழு வகை அட்டவணையை இன்று மருத்துவமனைகளில் பயன்படுத்துகிறார்கள். தனித்தனிக் கெட்டி உருண்டைகள் முதல் வகை. வழவழப்பான, மிருதுவான நீள வடிவம் நான்காம் வகை. முதல் இரண்டு வகைகள் மலச்சிக்கலைக் காட்டும்.

அலை வரும் நேரத்தில் அங்கே இருங்கள்

மேலே சொன்ன மாணவன் என்ன செய்யலாம்? அவன் இழந்தது காலை அலையை. ஆகவே பதினைந்து, இருபது நிமிடம் முன்னதாக எழுந்து, சாப்பிட்டுவிட்டு, அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் கழிப்பறையில் ஐந்து நிமிடம் உட்காரலாம். கைப்பேசி வேண்டாம், முக்கவும் வேண்டாம். பாதங்களைச் சிறிய முக்காலியின் மேல் வைத்து முழங்காலை இடுப்பைவிட உயர்த்தினால், மலக்குடலை வளைத்துப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து பாதை நேராகும். பழைய குந்து கழிப்பறையில் நடப்பதும் இதுதான்.

பள்ளியில் அழைப்பு வந்தால் ஆசிரியரிடம் அனுமதி கேட்டுப் போய்விட்டு வாருங்கள். தாழ்ப்பாள் கெட்டிருந்தால் அதையும் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். அடுத்த ஓய்வுவரை அடக்குவதைவிட அது நல்லது.

இரவு படிக்கும்போது ஒரு பாடம் முடிந்ததும் எழுந்து ஐந்து நிமிடம் வீட்டுக்குள் நடங்கள். இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம் நடந்துவிட்டுப் பிறகு மேசைக்குப் போங்கள். கொய்யா, பப்பாளி, கீரை போன்ற நார்ச்சத்து உணவு நீரைப் பிடித்து வைத்து மலத்தை மிருதுவாக்கும். ஆனால் ஒரே நாளில் நிறையச் சேர்க்காதீர்கள். பாக்டீரியாக்களுக்குத் திடீர் விருந்து கிடைத்தால் வாயு கூடி உப்புசம் அதிகமாகும். தண்ணீரோடு சேர்த்து, ஓரிரு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

மலத்தில் இரத்தம், தொடர் வாந்தி, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அது நாற்காலியின் குற்றமாக இருக்காது. பெற்றோரிடம் சொல்லி மருத்துவரைப் பாருங்கள். மூன்று நான்கு வாரம் பழக்கத்தை மாற்றியும் சரியாகவில்லை என்றாலும் அப்படியே செய்யுங்கள். மருந்துக்கடையில் பேதி மருந்தை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

நாளைக் காலை மைலோ குடித்து முடித்ததும் வயிறு அழைக்கிறதா என்று கவனியுங்கள். அழைத்தால் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு முதலில் அங்கே போங்கள்.