மேலாளரிடம் பேசுவதா, எழுதுவதா? பிரான்சில் ஓவர்டைம் சம்பளம் கேட்கும் முறை

பிரான்சில் செய்த ஓவர்டைமுக்குச் சம்பளம் கேட்பதற்குச் சட்டம் தெளிவாக வழிவிட்டிருக்கிறது. ஆனால் அதைக் கேட்க வேண்டிய ஆள் தினமும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மேலாளர். நேரில் சொன்னால் பேச்சு காற்றோடு போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம், மின்னஞ்சலில் எழுதினால் சண்டைக்கு வந்ததாக நினைப்பாரோ என்ற தயக்கம் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் பலர் எழுதுவது சாட்டில். இந்த விஷயத்துக்குச் சாட்தான் மூன்றிலும் பலவீனமான வழி.

பிரான்சில் சட்டப்படி வாரத்துக்கு 35 மணி நேர வேலை. அதற்கு மேல் செய்யும் முதல் எட்டு மணி நேரத்துக்குச் சம்பளத்தோடு 25 சதவீதமும், அதையும் தாண்டினால் 50 சதவீதமும் சேர்த்துத் தர வேண்டும். தொழில்வாரி ஒப்பந்தங்கள் இந்த விகிதத்தை மாற்றலாம். பாரிசில் இலங்கைத் தமிழர் பலர் வேலை செய்யும் உணவகத் துறைக்கு அப்படித் தனி விகிதங்கள் உண்டு. வருடத்துக்கு இத்தனை நாள் என்று கணக்கிட்டுச் சம்பளம் வாங்கும் மேல்நிலை ஊழியர்களுக்கு இந்த மணிக்கணக்கு பொருந்தாது. ஆகவே வாய் திறப்பதற்கு முன் ஒப்பந்தத்தை ஒரு முறை படித்துவிடுவது அவசியம்.

லியோன் நகரில் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஊழியர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வரி, பிடித்தங்களுக்கு முன் அவருக்கு மணிக்கு 15 யூரோ. மாலை ஆறு மணி வாக்கில் மேலாளர் டீம்ஸ் சாட்டில், “இந்த அறிக்கையை இன்றைக்கே முடித்துவிட முடியுமா?” என்று கேட்கிறார். இது வழக்கமாகிவிட்டது. வாரத்துக்கு நான்கு மணி நேரம் கூடுகிறது. சம்பளச் சீட்டில் மாதத்துக்கு 151.67 மணி நேரம் என்று மட்டுமே இருக்கிறது. வாரத்துக்கு 35 மணி நேரம் என்பதன் மாதக் கணக்கு அது. ஓவர்டைமுக்கென்று தனி வரி எதுவும் இல்லை. பணம் வரவில்லை என்பதற்குச் சீட்டில் தெரியும் அடையாளம் இதுதான். 25 சதவீதம் சேர்த்தால் மணிக்கு 18.75 யூரோ, வாரத்துக்கு 75 யூரோ. பன்னிரண்டு வாரத்துக்கு 900 யூரோ. அதன் மேல் விடுமுறைச் சம்பளமாக இன்னொரு 90 யூரோவும் கேட்கலாம்.

இந்தக் கணக்கை மேலாளர் அறிவுறுத்தல் அனுப்பிய அதே சாட்டில், அதே வேகத்தில் கேட்கத் தோன்றுவது இயல்பு. கேட்டால் என்ன ஆகும்? மேலாளர் ஒரு கூட்டத்தின் நடுவில் அதைக் கைபேசியில் பார்ப்பார். “பிறகு பேசலாம்” என்று பதில் வரும், அல்லது ஒரு கட்டைவிரல் படம் வரும். கட்டைவிரலுக்கு ஒப்புக்கொண்டார் என்று பொருளா, பார்த்துவிட்டார் என்று பொருளா? பின்னால் யாராலும் சொல்ல முடியாது. பழைய சாட்டுகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. வேலையை விட்ட அன்றே கணக்கு மூடப்பட்டால் அந்த உரையாடலை ஊழியரால் திறக்கவே முடியாது. தானாக அழியும்படி வைத்த வாட்ஸ்அப் குழுக்களின் நிலை இன்னும் மோசம்.

அதற்காகச் சாட் பயனற்றது என்று ஒதுக்கிவிட முடியாது. கோரிக்கையை அங்கே வைக்கக் கூடாதே தவிர, சான்று அங்கேதான் கிடக்கிறது. நிறுவனம் சொல்லியோ, குறைந்தபட்சம் அதற்குத் தெரிந்தும் தடுக்காமலோ செய்த கூடுதல் வேலைக்கும், கொடுத்த பணியின் அளவே கட்டாயமாக்கிய கூடுதல் வேலைக்கும்தான் பிரெஞ்சு நீதிமன்றங்கள் சம்பளம் தரச் சொல்கின்றன. “இன்றைக்கே முடித்துவிட முடியுமா?” என்ற அந்த ஒரு வரி இதைக் காட்டுகிறது. அனுப்பியவர் பெயர், தேதி, நேரம், முன்னும் பின்னும் உள்ள செய்திகள் எல்லாம் தெரியும்படி திரையைப் படமெடுத்து வைப்பது நல்லது. வாடிக்கையாளர் விவரங்கள் அடங்கிய கோப்புகளைக் கூடவே அள்ளிக்கொண்டு போவது வேறு விஷயம். தன் உரிமையை நிலைநாட்டக் கண்டிப்பாகத் தேவைப்படும் ஆவணங்களை மட்டுமே ஊழியர் எடுத்து வைக்கலாம்.

அப்படியானால் முதலில் பேச வேண்டும். நேரில் முடியாவிட்டால் தொலைபேசியில். இங்கேதான் சாட் உதவுகிறது: “என் வேலை நேரம் பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும், வியாழக்கிழமை காலை வசதிப்படுமா?” என்ற அளவுக்கு எழுதினால் போதும். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை பிரெஞ்சு அலுவலகங்களில் சாப்பாட்டு நேரம், அப்போது அழைத்தால் பேச்சு கோணலாகவே தொடங்கும். முன்னறிவிப்பு இல்லாமல் கோரிக்கை மின்னஞ்சலாக வந்து விழுந்தால், அதுவும் மனிதவளப் பிரிவுக்கு நகல் போட்டு வந்தால், தன் தலைக்கு மேல் போய்விட்டதாகவே மேலாளர் எடுத்துக்கொள்வார். பல சமயம் அவருக்கே மணிக்கணக்கு தெரிந்திருக்காது. அதைச் சரிசெய்ய அவருக்கு ஒரு வாய்ப்புத் தருவது நியாயமும்கூட.

அந்தப் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்யலாமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. தனிப்பட்ட முறையில் பேசியதைச் சம்மதமில்லாமல் பதிவு செய்பவருக்கு ஓராண்டுச் சிறையும் 45,000 யூரோ அபராதமும் விதிக்கப் பிரெஞ்சுக் குற்றவியல் சட்டத்தில் இடமிருக்கிறது. சிவில் வழக்குகளில் அப்படிப்பட்ட ஒலிப்பதிவை நீதிமன்றங்கள் நீண்ட காலம் தொடவே மறுத்தன. 2023 டிசம்பர் 22-ஆம் தேதி நாட்டின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தளர்த்தியது. அந்த வழக்கில் ரகசியமாகப் பதிவு செய்தது ஊழியர் அல்ல, நிறுவனம். வேறு வழியே இல்லாத நிலையில், மறுதரப்பின் உரிமைக்கு ஏற்படும் பாதிப்பு அளவோடு இருந்தால், அத்தகைய சான்றையும் நீதிபதி எடைபோட்டுப் பார்க்கலாம் என்பது தீர்ப்பின் சாரம். ஓவர்டைம் விஷயத்தில் வேறு சான்றுகள் தாராளமாக இருப்பதால் இந்த ஆபத்தில் இறங்கக் காரணமே இல்லை.

குறுஞ்செய்திக்கும் குரலஞ்சலுக்கும் நிலை வேறு. அனுப்பும்போதே அது எதிராளியின் கருவியில் பதிவாகும் என்று அனுப்புபவருக்குத் தெரியும். அதனால் குறுஞ்செய்தியை நேர்மையான சான்றாக ஏற்கலாம் என்று அதே நீதிமன்றம் 2007-இல் சொன்னது. பின்னர் குரலஞ்சலுக்கும் அதையே சொன்னது. மேலாளர் அழைத்து, எடுக்காததால் விட்டுவைத்த குரலஞ்சலை அழித்துவிடாமல் வைத்திருப்பதில் அர்த்தம் இருக்கிறது.

பேசி முடித்த அன்றே, வேலை நேரத்துக்குள்ளேயே, மின்னஞ்சல் போக வேண்டும். இதுதான் மொத்த நடைமுறையின் முதுகெலும்பு. தலைப்பில் வேலை நேரம் என்பதும் எந்த மாதங்கள் என்பதும் இருந்தால் போதும். உள்ளே இப்படி எழுதலாம்: “இன்று காலை நாம் பேசியதைத் தொடர்ந்து எழுதுகிறேன். கடந்த பன்னிரண்டு வாரங்களில் கேட்டுக்கொண்டபடி 48 மணி நேரம் கூடுதலாக வேலை செய்திருக்கிறேன். நாள்வாரி அட்டவணையை இணைத்துள்ளேன். சம்பளப் பிரிவோடு பேசிப் பார்ப்பதாகச் சொன்னீர்கள். இதில் ஏதாவது தவறாகக் குறித்திருந்தால் தெரிவியுங்கள்.” கடைசி வாக்கியம் மரியாதைக்காக மட்டும் எழுதுவதல்ல. மேலாளர் மறுக்காமல் விட்டால், பேச்சு இப்படித்தான் நடந்தது என்ற பதிவு நிற்கும். மறுத்தால் எந்த இடத்தில் வேறுபாடு என்பது எழுத்தில் வந்துவிடும்.

இரண்டு பேரும் வழக்கமாக ஒருமையில் பேசிக்கொள்பவர்கள் என்றால் மின்னஞ்சலையும் ஒருமையிலேயே எழுதுவது நல்லது. திடீரென்று பன்மைக்கு மாறினால் பின்னால் வழக்கறிஞர் நிற்கிறார் என்று பிரெஞ்சு மேலாளர் புரிந்துகொள்வார். வேலை நேரத்தை வேண்டுமென்றே மறைத்துக் காட்டுவது பிரான்சில் குற்றம்தான். ஆனால் அந்தச் சட்டப் பெயரை முதல் கடிதத்திலேயே எழுதினால் பேச்சுவார்த்தைக்கான கதவு மூடிக்கொள்ளும்.

இணைக்கும் அட்டவணைக்குத் தனிக் கவனம் தேவை. ஓவர்டைம் வழக்கில் நிரூபிக்கும் பாரம் முழுவதும் ஊழியர் மேல் இல்லை. நிறுவனம் பதில் சொல்லக்கூடிய அளவுக்குத் துல்லியமான விவரத்தை ஊழியர் தந்தால் போதும். அதன்பின் உண்மையான வேலை நேரம் எவ்வளவு என்று நிறுவனம் தன் பங்குக்குக் காட்ட வேண்டும். எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு வந்தார், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் எடுத்தார், எத்தனை மணிக்குக் கிளம்பினார் என்று நாள்வாரியாகக் குறித்த சாதாரண எக்செல் தாளே இதற்குப் போதும். இரவு ஒன்பது மணிக்கு அனுப்பிய ஒரு மின்னஞ்சல், ஆறிலிருந்து ஒன்பது வரை இடைவிடாமல் வேலை நடந்ததைக் காட்டாது. பலருடைய கணக்கு சறுக்குவது இங்கேதான்.

இந்த வரிசை எல்லா விஷயத்துக்கும் பொருந்தாது. இரு தரப்பும் சம்மதித்து வேலை ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் ஏற்பாடு பிரான்சில் 2008 முதல் இருக்கிறது. அதைப் பற்றிய முதல் பேச்சை வாயோடு வைத்துக்கொள்வதே நல்லது. போக விரும்புகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மறுப்பு வந்தால், அந்தக் கடிதத்தோடுதான் தொடர்ந்து வேலை பார்க்க வேண்டியிருக்கும். துன்புறுத்தல் என்றால் நேர்மாறு. துன்புறுத்துபவரைத் தொலைபேசியில் அழைத்துச் சமாதானம் பேச வேண்டியதில்லை. தேதி, இடம், நடந்தது என்ன என்று எழுதி நேராக மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். நல்லெண்ணத்தோடு புகார் தருபவரை அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது தொழிலாளர் சட்டம். புகார் கொடுத்தார் என்பதற்கு எழுத்து இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு கைகொடுக்கும்.

மறுபடி லியோன் ஊழியரின் 990 யூரோவுக்கு வருவோம். இரண்டு வாரமாகியும் பதில் இல்லையென்றால் ஒரு நினைவூட்டல் மின்னஞ்சல் போகலாம், இப்போது மனிதவளப் பிரிவுக்கும் நகல் வைத்து. அதற்கும் அசைவில்லை என்றால் நிறுவனத்தின் பெயருக்கு, பன்மையில், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். அடுத்த இடம் ப்ருதோம் எனப்படும் தொழிலாளர் நீதிமன்றம். அங்கே எந்த வகைச் சான்றையும் காட்டலாம் என்பதால் மின்னஞ்சலுக்கும் முழு இடம் உண்டு.

சம்பளப் பாக்கியைக் கேட்க மூன்று ஆண்டுதான் கெடு. பதிவுத் தபால் அனுப்பியதால் அந்தக் கெடு நின்றுவிடும் என்று பலர் நம்பிக் காத்திருந்து ஏமாறுகிறார்கள். நீதிமன்றத்தில் மனு கொடுத்தால்தான் நிற்கும். இன்னொரு வழியும் உண்டு: பாக்கி இருப்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டால் கெடு அன்றிலிருந்து புதிதாக எண்ணப்படும். “கணக்கு சரிதான், அடுத்த மாதச் சம்பளத்தில் சேர்த்துவிடுகிறோம்” என்று மின்னஞ்சலுக்கு மின்னஞ்சலாகப் பதில் வந்தால் அது அப்படிப்பட்ட ஒப்புதல். அதையே தொலைபேசியில் மட்டும் சொல்லியிருந்தால், சொன்னார் என்று காட்ட ஊழியரிடம் எதுவும் இருக்காது.