வெட்டியும் ஒட்டியும் பிறந்த சொற்கள்

"பஸ்" என்னும் சொல்லின் வேர் எது என வகுப்பில் வினவினால் மாணவர்கள் விழிப்பர். உண்மையில் அதற்கு வேரே கிடையாது. இலத்தீன் மொழியில் "ஒம்னிபஸ்" என்றால் "எல்லோருக்கும்" என்பது பொருள். 1820களில் பிரான்சு நாட்டில் எவரும் ஏறிச் செல்லத்தக்க வண்டிக்கு அப்பெயர் வழங்கலாயிற்று. ஆங்கிலேயர் அதன் தலையை வெட்டி வாலை மாத்திரம் வைத்துக்கொண்டனர். அவ்வாலோ வெறும் வேற்றுமை உருபு! "எல்லோருக்கும்" என்பதில் "க்கும்" மட்டும் எஞ்ச, அதற்குச் சில்லுப் பூட்டித் தெருவில் ஓடவிட்டதற்கு இது ஒப்பாகும்.

ஆயினும், பெரும்பாலும் வெட்டுப்படுவது வாலே. "இன்ஃபர்மேஷன்" "இன்ஃபோ" ஆனதும், "ஜிம்னேசியம்" "ஜிம்" ஆனதும் இவ்வகை. சொல்லின் தொடக்கத்தைக் கேட்டவுடனேயே அதனை இனங்காண்பது செவியின் இயல்பு. ஆகவே தலை இருந்தால் போதும். இங்கே பொருள் மாறுவதில்லை, மதிப்பே மாறுகின்றது. நண்பனிடம் "இன்ஃபோ" எனலாம். வேலைக்கான விண்ணப்பத்தில் எழுதினால் அழகன்று.

ஒட்டுச் சொற்களின் கதை வேறு. அங்கே புதுப்பொருளும் பிறக்கின்றது. 1895இல் கை பெரிங்கர் என்னும் ஆங்கிலேயர், ஞாயிறன்று பிந்தி எழுவோருக்காகக் காலையுணவையும் மதிய உணவையும் ஒன்றாக்க வேண்டுமென்று கட்டுரை எழுதினார். அவ்வுணவே "பிரஞ்ச்". "பிரேக்ஃபாஸ்ட்" என்பதன் முதல் மெய்யொலிகளும், "லஞ்ச்" என்பதில் முதல் மெய் நீங்கிய எஞ்சிய பகுதியும் இணைந்தன. இதனை மாற்றி ஒட்டிப் பாருங்கள்: "லெக்ஃபாஸ்ட்" என்று வரும். அதில் மதிய உணவு ஒளிந்திருப்பதை எவரும் அறியார். "பிரஞ்ச்" என்பதிலோ "லஞ்ச்" எதுகைபோல் ஒலித்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கின்றது.

"மோட்டல்" இன்னும் பொருத்தமான ஒட்டு. 1925இல் கலிபோர்னியாவில், காரில் நெடுந்தூரம் செல்வோருக்கென ஆர்தர் ஹைன்மன் அமைத்த விடுதிக்கு இப்பெயர் சூட்டப்பெற்றது. "மோட்டர்", "ஹோட்டல்" இரண்டிலும் "ஓட்ட" என்னும் ஒலி உண்டு. ஆதலால் தையல் தெரியவில்லை. பின்னிற்கும் சொல்லே இனத்தைக் குறிக்கும் என்பதையும் கவனிக்க: மோட்டல் ஒருவகை ஹோட்டலேயன்றி ஒருவகை மோட்டரன்று.

பிள்ளைகள் சொற்களைக் குறுக்கினால் மொழி கெட்டுவிடுமெனப் பெற்றோர் சிலர் அஞ்சுகின்றனர். 1710இல் ஜோனதன் சுவிஃப்ட் என்னும் பெரும் எழுத்தாளரும் இவ்வாறே சினந்து எழுதினார். அவர் கண்டித்தவற்றுள் "பொஸ்" என்பது வழக்கிறந்தது. கும்பலைக் குறிக்கும் "மொப்" இன்றும் வாழ்கின்றது. வெறுப்பவர் சொல்லைக் கொல்வதில்லை. வேண்டாதவர் விட்டுவிடவே அது மடிகின்றது.

நம் இலக்கணிகள் இவ்வகையில் சுவிஃப்டை விடப் பெருந்தன்மையுடையோர். தஞ்சாவூர் தஞ்சையானதை நன்னூலார் வழியினர் "மரூஉ" என்று பெயரிட்டு, இயல்பு வழக்கினுள் அடக்கினர். அவ்வரிசையில் "எந்தை" என்பதை மாணவர்கள் பிரித்துப் பார்க்கலாம். "என்" என்பதிலிருந்து "எ", "தந்தை" என்பதிலிருந்து "ந்தை". முன்சொல்லின் தலையும் பின்சொல்லின் வாலும். "தந்தை"யோடு எதுகையும் உண்டு. "பிரஞ்ச்" அமைந்த விதமும் இதுவே.