போயிட்டு வர்றோம்

தமிழில் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் படியிறங்குவதில்லை. சொன்னால் திண்ணையில் இருக்கும் பாட்டி விடமாட்டாள். "போயிட்டு வரேன்னு சொல்லு" என்று திருத்திவிட்டுத்தான் அனுப்புவாள். விடைபெறும்போதே திரும்பி வருவதாக வாக்குக் கொடுத்துவிடும் வழக்கம் நம்முடையது. வானொலி நிகழ்ச்சியை எப்படி முடிப்பது என்று நாங்கள் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டபோது, இந்த வழக்கம் எங்கள் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை என்பதுதான் வருத்தம்.

காவிரி டெல்டாவில் ஒரு சிறிய சமுதாய வானொலியில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். இரவு 9 மணியிலிருந்து 9.30 வரை எங்கள் நிகழ்ச்சி. விவசாயிகளின் கேள்விகள், மறுநாள் வானிலை, சந்தை விலை, நடுவே இரண்டு பாட்டு. முதல் சில மாதங்கள் அதை இப்படித்தான் முடித்தோம்: "இத்துடன் இன்றைய நிகழ்ச்சி நிறைவடைகிறது. நிகழ்ச்சித் தயாரிப்பு இன்னார், ஒலிப்பதிவு இன்னார், தொகுத்து வழங்கியது இன்னார். நன்றி, வணக்கம்." தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் இது மேடைப் பேச்சின் முடிவு. 'இத்துடன்' என்ற சொல் காதில் விழுந்ததுமே கேட்பவரின் கை ரேடியோவை அணைக்கப் போய்விடும். அதற்குப் பிறகு நாங்கள் சொன்னதெல்லாம் எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டது.

ஒரு நிறைவு வாசகம் இரண்டு வேலை செய்ய வேண்டும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஒன்று, காதில் விழுந்ததும் 'இது அவங்கதான்' என்று அடையாளம் தெரிய வேண்டும். இன்னொன்று, அதற்காகவே ஆள் காத்திருக்க வேண்டும். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் செய்முறையில் எதிரெதிரானவை. அடையாளம் மாறாததிலிருந்து வருகிறது. காத்திருப்பு, இன்றைக்கு என்ன வரும் என்று தெரியாததிலிருந்து வருகிறது.

சென்னை வானொலியில் காலை நேரத்தில் தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்' கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சில நிமிடப் பேச்சுதான். ஏற்ற இறக்கம் அதிகம் இல்லாத, சிரிப்பே காட்டாத குரலில் ஒரு தகவலைச் சொல்லிக்கொண்டே வருவார். கடைசியில் ஒரு குட்டிக் கதை வரும். அதில் ஒரு சிரிப்பு இருக்கும். அந்த இடம் மாறாது, குரலும் மாறாது. கதை மட்டும் தினமும் வேறு. குளிக்கப் போகிறவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கதைக்காக நின்றதை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

மாறாத பகுதிக்குச் சொல் எங்கே கிடைக்கும்? இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் லண்டனில் இருக்கிறது. 1940-இல் ஜெர்மானிய விமானங்கள் இரவுதோறும் அந்த நகரத்தின் மேல் குண்டு போட்டன. காலையில் யார் இருப்பார்கள் என்று தெரியாத நிலையில், ஊர் மக்கள் இரவு பிரியும்போது ஒருவருக்கொருவர் நல்லிரவு சொல்வதோடு நல்லதிர்ஷ்டமும் வாழ்த்திக்கொண்டார்கள். அமெரிக்காவின் சிபிஎஸ் வானொலிக்காக அங்கிருந்து பேசிய எட்வர்ட் மர்ரோ அதையே தன் ஒலிபரப்பின் கடைசி வாசகமாக்கினார்: 'குட் நைட், அண்ட் குட் லக்'. போர் முடிந்து, தொலைக்காட்சிக்கு வந்த பிறகும் அதை விடவில்லை. அவர் உட்கார்ந்து எழுதிய வாசகம் இல்லை அது, தெருவில் ஏற்கெனவே புழங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் கேட்டவர்கள் வாயில் அவ்வளவு சுலபமாக ஒட்டிக்கொண்டது.

நாங்கள் இதற்கு நேர்மாறாக ஆரம்பித்தோம். எதுகை மோனையோடு, வயலும் நிலவும் வருகிற மாதிரி நாலு வரி எழுதினேன். படிக்க அழகாக இருந்தது. ஒரு மாதம் ஒலிபரப்பிவிட்டு, கடைத்தெரு டீக்கடையில் எங்கள் நேயர்கள் சிலரிடம், "நிகழ்ச்சி முடியிறப்ப நாங்க என்ன சொல்றோம்?" என்று கேட்டேன். "நல்லாத்தான் சொல்லுவீங்க, ஏதோ நிலான்னு வரும்" என்றார் ஒருவர். மற்றவர்கள் டீயைப் பார்த்தார்கள். இந்தச் சோதனையைவிட நம்பகமான சோதனை எதையும் நான் இன்றுவரை பார்க்கவில்லை. பாராட்டினார்களா என்பது கணக்கில்லை. திருப்பிச் சொல்ல முடிகிறதா என்பதுதான் கணக்கு. எழுதியதைக் கிழித்துப் போட்டேன்.

பதில் தொலைபேசியில் வந்தது. எங்கள் பக்கம் பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும். பல ஊர்களில் இரவில்தான் முறை. வரப்பில் பாம்பு கிடக்கும். ஒரு நாள் அழைப்பில் கேள்வி கேட்டு முடித்த பெரியவரிடம், பின்னாலிருந்து அவர் மனைவி, "டார்ச்ச எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்வது அப்படியே ஒலிபரப்பாகிவிட்டது. டெல்டாவில் எத்தனை வீட்டில் அந்த நேரத்தில் அதே வார்த்தை சொல்லப்படுகிறது! நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய அக்கா மறுநாளே அதைத் தன் வாசகமாக்கிக்கொண்டார்: "மோட்டார் போடப் போறவங்க டார்ச்ச எடுத்துக்கிட்டுப் போங்க. மத்தவங்க கதவச் சாத்திட்டுப் படுங்க. போயிட்டு வர்றோம்."

கடிகாரம் வைத்துப் பார்த்தால் ஒன்பது நொடி. 'போயிட்டு வர்றோம்' என்பதற்கு முன்னால் ஒரு மூச்சு இடைவெளி. அந்த மௌனமும் வாசகத்தின் ஒரு பாகம், அதை யாரும் அவசரத்தில் தின்றுவிடக் கூடாது என்று முடிவு செய்தோம்.

மாறுகிற பகுதி அதற்கு முன்னால் வரும் ஒரே வாக்கியம்: இந்த நேரத்தில் நம் ஊர்ப்பக்கம் இன்னும் தூங்காமல் இருப்பவர் யார்? "ரயில்வே கேட்ல கடைசி வண்டிக்காகக் காத்திருக்காங்க." "பரோட்டாக் கடையில இப்பத்தான் கல்லக் கழுவுறாங்க." "நடுத்தெருவுல ஒரு வீட்ல நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றாங்க, கோலமாவு சலிச்சிக்கிட்டு இருக்காங்க." பகலில் யாராவது ஒருவர் போய்ப் பார்த்தோ, விசாரித்தோ எழுதிக்கொண்டு வருவோம். பெயர் சொல்ல மாட்டோம், வேலையை மட்டும் சொல்வோம். அந்த ஒற்றை வாக்கியத்துக்கு ஆகும் உழைப்பு அரை மணி நேர நிகழ்ச்சியின் மற்ற எந்தப் பகுதிக்கும் ஆனதில்லை. கற்பனையாக எழுதிவிடலாமே என்று ஒருவர் சொன்னார். பரோட்டாக் கடைக்காரரும் கேட்கிறாரே! அன்றைக்கு அவர் கடை திறக்கவில்லை என்றால் எங்கள் மீதி எல்லாமும் பொய்யாகிவிடும்.

இனி இசை. இங்கேதான் அனுபவமில்லாத நிலையங்கள் சறுக்கும். பேசி முடித்த பிறகு நிறைவு இசையைப் போடுவார்கள். பேச்சு நீண்டுவிட்டால் இசைக்கு இடம் இருக்காது. சரியாக 9.30-க்கு ஒலிபரப்புக் கணினி அடுத்த நிகழ்ச்சியைத் தொடங்கிவிடும். நம்முடைய முடிவு பாதியில் அறுந்துபோகும். ஒரு நாள் எட்டு நொடி, மறுநாள் முப்பது நொடி என்று அறுந்து அறுந்து கேட்கும் இசை யாருக்கும் அடையாளமாகாது.

இதற்கு வானொலிக்காரர்களின் பழைய வித்தை ஒன்று உண்டு. கணக்கைப் பின்னாலிருந்து போடுவது. எங்கள் நிறைவு இசை 90 நொடி. அது 9.29.55-க்கு முடிய வேண்டும். மீதி ஐந்து நொடி நிலையத்தின் பெயருக்கு. அப்படியானால் 9.28.25-க்கு அதை ஓடவிட்டுவிட வேண்டும். ஆனால் மிக்ஸரில் அதன் ஃபேடர் கீழே கிடக்கும். வெளியே ஒன்றும் கேட்காது. அக்கா கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார், இசை உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். 9.29.10 வாக்கில் பேச்சு முடிந்ததும் ஃபேடரை மேலே ஏற்றுவோம். ஐந்து நொடி முழு இசை, பிறகு அதைத் தணித்து, தூங்காதவர் பற்றிய வாக்கியம் பன்னிரண்டு நொடி, ஒரு மூச்சு, மாறாத வாசகம் ஒன்பது நொடி. மீதி பதினாறு நொடிக்கும் மேல் இசை தனியாக ஏறி, தானே முடியும். பேச்சு பத்து நொடி கூடினால் இசையின் முன்பக்கத்தில் பத்து நொடி யாருக்கும் கேட்காமல் போகும், அவ்வளவுதான். முடிவு மட்டும் அசையாது.

பிபிசி ரேடியோ 4-இல் நள்ளிரவு தாண்டி, கப்பல்களுக்கான வானிலை அறிக்கைக்கு முன்னால் 'செய்லிங் பை' என்ற மெல்லிசை வருகிறது. ரொனால்ட் பின்ஜ் அமைத்தது. அதுவும் இப்படி இடைவெளியை நிரப்பி, நேரத்தை ஈடுகட்டும் வேலையைத்தான் செய்கிறது. அலுவலகக் காரணத்துக்காக வைத்த அந்த இசை, கடலையே பார்க்காத லட்சக்கணக்கானவர்களுக்குத் தாலாட்டாகிவிட்டது.

இந்த வித்தைக்கு ஏற்ற இசை எல்லா இசையும் அல்ல. தேய்ந்து தேய்ந்து மறையும் இசை உதவாது. எங்கே முடிந்தது என்றே தெரியாது. திட்டமாக ஒரு தீர்மானம் வைத்து முடிய வேண்டும். பாட்டு வரிகள் இருந்தால் பேசுகிறவரின் வார்த்தையோடு மோதும். எங்களுடையது நாதஸ்வரத்தில் தொடங்கியது. நாதஸ்வரத்துக்கு மேல் மனிதக் குரல் நிற்காது என்பதால், பேச்சு வரும் நடுப்பகுதியில் தம்புராவையும் மெல்லிய கஞ்சிராத் தட்டலையும் மட்டும் வைத்துத் திரும்பப் பதிவு செய்தோம். கடைசிப் பதினைந்து நொடிக்கு நாதஸ்வரம் திரும்ப வரும்.

எல்லாம் பழகிய பிறகு ஒரு பெரிய பிழை செய்தோம். கேட்கும் ஊர் ஒன்றில் வேன் கவிழ்ந்து உயிர்ப்பலியான நாள். செய்தியைச் சொன்னோம், ரத்தம் தேவை என்று அறிவித்தோம். முடிவில் வழக்கம்போல நாதஸ்வரம் ஏறியது. உடனே ஒரு அம்மா அழைத்தார். "இன்னைக்குமா மேளம் போடுவீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். மாறாதது என்பதற்கும் ஒரு எல்லை உண்டு. அன்றிலிருந்து இரண்டாவது முடிவு ஒன்றைத் தயாராக வைத்தோம். அதில் நாதஸ்வரம் கிடையாது, தூங்காதவர் வாக்கியம் கிடையாது. தம்புரா மட்டும், அதன்மேல் அந்த ஒன்பது நொடி வாசகம். துக்க வீட்டிலும் 'டார்ச்ச எடுத்துக்கிட்டுப் போங்க' என்று ஒருவர் சொல்லத்தான் செய்வார். அதை நீக்கத் தேவை இருக்கவில்லை.

அக்கா பேறுகால விடுப்பில் போனபோது வேறொரு தம்பி வந்தார். முதல் வாரம் அக்காவின் இழுவையை அப்படியே பிடித்துப் பேசினார், கேட்கச் சங்கடமாக இருந்தது. "உங்க வீட்ல எப்படிச் சொல்வீங்களோ அப்படிச் சொல்லுங்க" என்றோம். சரியாகிவிட்டது. வாசகம் ஒரு குரலுக்கு மட்டும் பொருந்தினால் அந்தக் குரலோடு அது போய்விடும்.

ஒரு நாள் நேயர் ஒருவர் வீட்டில் இரவுச் சாப்பாடு. நிகழ்ச்சியை அன்று பதிவு செய்து வைத்துவிட்டு வந்திருந்தோம். கூடத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் இலையில் ரசம் வாங்கிக்கொண்டிருந்தார். 9.29.10-க்கு நாதஸ்வரம் ஏறியது. அக்கா இன்னும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் வகுப்புப் படிக்கும் பேரன் எழுந்து, அலமாரி மேலிருந்த டார்ச்சை எடுத்து, ஒரு தடவை எரியவைத்துப் பார்த்துவிட்டு, தாத்தாவின் செருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான்.